சிங்கப்பூர் வங்கியில் இருக்கும் ஆதாரம் கோலாலம்பூர் நீதிமன்றத்துக்கு எப்படி வருகிறது?

செந்தூலில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், முதலீட்டுத் திட்டம் என்று நம்பி 240,000 ரிங்கிட்டை இழக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இது கற்பனை வழக்குதான். ஆனால் இதே பாணியில் ஏமாந்தவர்கள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். பணம் முதலில் கோலாலம்பூரிலுள்ள ஒரு வங்கிக் கணக்குக்குப் போகிறது. அது யாரோ ஒருவர் சில நூறு ரிங்கிட்டுக்குத் தன் ஏடிஎம் அட்டையையும் ரகசிய எண்ணையும் பிறரிடம் கொடுத்துவிட்ட கெல்டாய் கணக்கு. அங்கிருந்து சில மணி நேரத்தில் சிங்கப்பூரில் ஒரு நிறுவனத்தின் கணக்குக்குப் பாய்கிறது. அந்த நிறுவனத்தின் இயக்குநர் கிள்ளானில் வசிக்கும் மலேசியர் என்று போலீஸ் சந்தேகிக்கிறது. அவரைக் கைது செய்கிறது.

ஆசிரியை விசாரணை அதிகாரியிடம் கேட்கிறார்: "கணக்கு எண்தான் தெரிந்துவிட்டதே சார், சிங்கப்பூர் வங்கியில் போய்க் கேட்டால் கொடுத்துவிட மாட்டார்களா?"

"கேட்கலாம் டீச்சர். ஆனால் கொடுக்க அவர்களுக்கு அனுமதி இல்லை" என்கிறார் அதிகாரி.

அவர் சொல்வது சரி. மலேசியப் போலீசாரின் அதிகாரம் ஜொகூர் பாலத்தின் நடுவில் முடிந்துவிடுகிறது. நம் நீதிமன்றம் பிறப்பிக்கும் ஆணைக்கு உட்லண்ட்ஸில் சட்ட வலு கிடையாது. போதாக்குறைக்கு, வாடிக்கையாளரின் விவரங்களை வெளியிடக் கூடாது என்று சிங்கப்பூரின் வங்கிச் சட்டம் 47-ஆம் பிரிவில் வங்கிகளைக் கட்டுப்படுத்துகிறது. நம் அதிகாரி நேரில் போய் அடையாள அட்டையைக் காட்டினாலும், உதவ விரும்பும் வங்கி மேலாளர்கூட அவரைத் திருப்பி அனுப்பத்தான் வேண்டும்.

ஆகவே ஒரு நாட்டின் அரசு இன்னொரு நாட்டின் அரசைக் கேட்கிறது. கேட்கப்பட்ட நாடு தன் சட்டப்படி, தன் அதிகாரிகளைக் கொண்டு, தன் நீதிமன்ற ஆணையின் மூலம் ஆதாரத்தைத் திரட்டி அனுப்புகிறது. குற்றவியல் விவகாரங்களில் பரஸ்பர சட்ட உதவி என்பது இதுதான். ஆளைப் பிடித்து ஒப்படைப்பது இதில் சேராது. அதற்கு வேறு சட்டமும் வேறு நடைமுறையும் இருக்கின்றன. இங்கே கேட்பது ஆவணம், சாட்சியின் வாக்குமூலம், சோதனை, பொருளைக் கைப்பற்றுதல், குற்றத்தில் ஈட்டிய சொத்தை முடக்குதல் போன்றவற்றை மட்டுமே.

மலேசியாவில் இதற்கான சட்டம் 2002-ஆம் ஆண்டின் குற்றவியல் விவகாரங்களில் பரஸ்பர உதவிச் சட்டம். அதன்படி வெளிநாட்டுக்குப் போகும் கோரிக்கை சட்டத்துறைத் தலைவர் வழியாகத்தான் போக வேண்டும். புக்கிட் அமானாக இருந்தாலும் ஊழல் தடுப்பு ஆணையமாக இருந்தாலும், கோரிக்கைக்கான விவரங்களைத் திரட்டிப் புத்ராஜெயாவிலுள்ள சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்துக்கு அனுப்பலாம். அதற்குமேல் அந்த அலுவலகம்தான் முடிவெடுக்கும். ஏமாந்தவரோ அவருடைய வழக்கறிஞரோ நேரடியாகக் கோரிக்கை அனுப்ப வழி இல்லை.

இந்த வாசல் எவ்வளவு குறுகியது என்பதை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். முன்னாள் பிரதமரின் தனிப்பட்ட வங்கிக் கணக்கில் வந்து விழுந்த 68.1 கோடி அமெரிக்க டாலர் பற்றிய விசாரணையில், அன்றைய சட்டத்துறைத் தலைவர் 2016 ஜனவரி 26-ஆம் நாள், விசாரணையை முடிக்க எந்த வெளிநாட்டிடமும் சட்ட உதவி கேட்க வேண்டிய தேவை இல்லை என்று அறிவித்தார். அந்த அறிவிப்போடு அன்றைக்கு அந்தப் பாதை அடைபட்டது. வெளிநாட்டு ஆதாரத்தைத் தேடிப் போவதா வேண்டாமா என்பது ஒரே ஓர் அலுவலகத்தின் கையில் இருப்பது இந்த ஏற்பாட்டின் பெரிய பலவீனம் என்பது என் உறுதியான கருத்து.

செந்தூல் வழக்குக்குத் திரும்புவோம். நம் போலீசார் சிங்கப்பூர்ப் போலீசாரோடு பேசுவதே இல்லையா என்று கேட்டால், தினமும் பேசுகிறார்கள். இன்டர்போல் வழியாக ஒரு செய்தி அனுப்பினால், அந்தக் கணக்கு உண்மையில் இருக்கிறதா, பணம் இன்னும் அங்கே இருக்கிறதா, வேறெங்காவது போய்விட்டதா என்பது சில நாள்களிலேயே தெரிந்துவிடக்கூடும். பேங்க் நெகாராவின் நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கும் எக்மண்ட் குழு என்ற பன்னாட்டு அமைப்பின் மூலம் பிற நாட்டுப் பிரிவுகளோடு தொடர்பு உண்டு. இவையெல்லாம் வேகமான வழிகள், தேவையான வழிகளும்கூட.

ஆனால் இவற்றின் மூலம் கிடைப்பது துப்பு. நீதிமன்றத்தில் வைக்கத்தக்க ஆதாரம் வேறு. இந்தத் துறையில் புதிதாக நுழைகிறவர்கள் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய வேறுபாடு இதுதான். அந்தக் கணக்கின் சொந்தக்காரர் கிள்ளான்காரர்தான் என்று சிங்கப்பூர் அதிகாரி ஒருவர் மின்னஞ்சலில் தெரிவித்தால், விசாரணை அதிகாரிக்கு எந்தத் திசையில் போவது என்று தெரிந்துவிடும். ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்தில் செஷன்ஸ் நீதிபதியின் முன் அதே மின்னஞ்சலை நீட்டினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து நிற்பார். இதை எழுதியவர் எங்கே? அவருக்கு இது எப்படித் தெரியும்? வங்கியின் பதிவேடு எங்கே? பதில் இல்லையென்றால் அது வெறும் கேள்விப்பட்ட செய்தி.

துப்புக்கான வழியையும் ஆதாரத்துக்கான வழியையும் குழப்பிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு ஈக்குவானிமிட்டி கப்பலே சாட்சி. 1எம்டிபி பணத்தில் வாங்கியது என்று அமெரிக்கா குற்றம்சாட்டிய சொகுசுக் கப்பல் அது. 2018 பிப்ரவரி இறுதியில், எஃப்பிஐ கேட்டுக்கொண்டதன் பேரில், இந்தோனேசியப் போலீசார் அதைப் பாலியில் பிடித்து வைத்தார்கள். கப்பலின் உரிமையாளர் நிறுவனம் தென் ஜகார்த்தா நீதிமன்றத்துக்குப் போனது. முறையான பரஸ்பர சட்ட உதவிக் கோரிக்கை இல்லாமல் நடந்த கைப்பற்றல் செல்லாது என்று அந்த நீதிமன்றம் ஏப்ரலில் தீர்ப்பளித்தது. குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறதா என்ற கேள்வி அங்கே எழவே இல்லை. கோரிக்கை வந்த பாதைதான் தவறு. பிறகு அமெரிக்கா முறைப்படி கோரிக்கை அனுப்பியது, இந்தோனேசியா ஜூலையில் மறுபடியும் கப்பலைக் கைப்பற்றியது, ஆகஸ்ட் 7 அன்று அது போர்ட் கிள்ளான் வந்து சேர்ந்தது. தீர்ப்புக்கும் மறு கைப்பற்றலுக்கும் இடையில் கப்பல் இந்தோனேசியாவின் நீர்ப்பரப்பை விட்டு வெளியேறியிருந்தால் இந்தக் கதையின் முடிவே வேறாக இருந்திருக்கும்.

செந்தூல் வழக்கிலும் முறையான கடிதம் தேவை. எந்த அடிப்படையில் கேட்பது? மலேசியாவும் சிங்கப்பூரும் 2004 நவம்பர் 29 அன்று கோலாலம்பூரில் கையெழுத்தான ஆசியான் பரஸ்பர சட்ட உதவி ஒப்பந்தத்தில் உறுப்பு நாடுகள். முதலில் எட்டு நாடுகள் கையெழுத்திட்டன, 2006-இல் தாய்லாந்தும் மியன்மாரும் சேர்ந்துகொண்டன. அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்றவற்றோடு மலேசியாவுக்குத் தனித்தனி இருதரப்பு ஒப்பந்தங்கள் உண்டு. ஒப்பந்தமே இல்லாத நாட்டிடமும் கேட்க முடியும். ஊழலுக்கு எதிரான ஐநா உடன்படிக்கையையோ, நாடு கடந்த அமைப்புரீதியான குற்றங்களுக்கு எதிரான ஐநா உடன்படிக்கையையோ காட்டிக் கேட்கலாம். அதுவும் பொருந்தாவிட்டால், நாளை நீங்கள் கேட்கும்போது நாங்களும் செய்வோம் என்ற உறுதிமொழியின் பேரில் கேட்கலாம். ஒப்பந்தம் இருந்தால் எதிர்த்தரப்பு நாட்டுக்குக் கடமை இருக்கிறது. இல்லையென்றால் அதன் விருப்பத்தைப் பொறுத்தது.

கடிதத்தில் என்ன எழுதுகிறோம் என்பதில்தான் வழக்கு நிற்கிறது. பார்ப்பதற்கு அலுவலக நடைமுறைபோல் தோன்றினாலும், பெரும்பாலான கோரிக்கைகள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். ஒரு மோசமான கோரிக்கை இப்படி இருக்கும்: "சந்தேக நபருக்கும் அவருடைய நிறுவனங்களுக்கும் சிங்கப்பூரில் உள்ள எல்லா வங்கிக் கணக்குகளின் முழு விவரங்களையும் விரைவில் தந்து உதவுங்கள்."

எந்த வங்கி? எந்தக் காலம்? இந்தக் கணக்குகளுக்கும் ஆசிரியையின் பணத்துக்கும் என்ன தொடர்பு? இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு சிங்கப்பூர் அரசு வழக்கறிஞர் தன் நாட்டு நீதிபதியிடம் போய் ஆணை கேட்க முடியாது. எதையாவது பிடிக்க முடியுமா என்று வலை வீசிப் பார்ப்பதாகத்தான் அது தோன்றும். கூடுதல் விவரம் கேட்டு ஒரு பதில் வரும். அதற்குள் சில மாதங்கள் ஓடிவிட்டிருக்கும்.

உருப்படியான கோரிக்கை வழக்கின் கதையை முதலில் சொல்கிறது. இன்ன நாளில், இன்ன நேரத்தில், ஆசிரியையின் கணக்கிலிருந்து 240,000 ரிங்கிட் இன்ன கணக்குக்குப் போனது. அன்று மாலையே அதில் 230,000 ரிங்கிட் சிங்கப்பூரில் இன்ன வங்கியின், இன்ன எண்ணுள்ள கணக்குக்கு அனுப்பப்பட்டது. பரிமாற்ற எண் இது, கோலாலம்பூர் வங்கியின் பதிவு இணைப்பில் இருக்கிறது. குற்றம் தண்டனைச் சட்டத்தின் 420-ஆம் பிரிவின் கீழ் வருகிறது. பிரிவின் வாசகம் இது, அதிகபட்சச் சிறைத் தண்டனை பத்தாண்டு. வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, யார் கைதாகியிருக்கிறார் என்பதும் வேண்டும்.

அதன்பிறகு வேண்டியதைக் குறிப்பாகக் கேட்கிறது: அந்தக் கணக்கைத் திறந்தபோது கொடுத்த விண்ணப்பம், கையெழுத்து மாதிரி, அடையாள ஆவணங்களின் நகல், பணம் வந்த மாதத்துக்கும் அதற்கு முந்தைய ஒரு மாதத்துக்கும் பிந்தைய ஒரு மாதத்துக்குமான கணக்கு அறிக்கை, இணையவழி நுழைந்தவரின் ஐபி முகவரிகள். ஒவ்வொன்றும் எதை நிரூபிக்கத் தேவை என்றும் ஒரு வரி இருக்கும். கையெழுத்து மாதிரி எதற்கு? கிள்ளான்காரர்தான் அந்தக் கணக்கை இயக்கினார் என்று காட்டுவதற்கு. ஐபி முகவரி எதற்கு? பணம் நகர்த்தப்பட்ட நேரத்தில் நுழைந்தது அவர் வீட்டு இணைய இணைப்பிலிருந்தா என்று பார்ப்பதற்கு.

புதியவர்கள் மறந்துவிடும் ஒன்று உண்டு. ஆவணம் எந்த வடிவில் வேண்டும் என்பதையும் கடிதத்திலேயே கேட்டாக வேண்டும். வங்கியின் பொறுப்பான அலுவலர் ஒருவர், இவை வங்கியின் வழக்கமான அலுவலில் பராமரிக்கப்பட்ட பதிவுகளின் உண்மை நகல்கள் என்று உறுதியளித்துக் கையெழுத்திட வேண்டும், முறையான முத்திரையோடு வர வேண்டும் என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் ஒரு கட்டு அச்சுத் தாள்கள் மட்டும் வந்து சேரும். ஆதாரம் மேசைமேல் இருந்தும் அதை நீதிமன்றத்தில் நுழைக்க முடியாமல், உறுதிமொழிக்காக மறுபடியும் முதலிலிருந்து ஒரு கோரிக்கை போகும்.

கடிதத்தைச் சிங்கப்பூரின் சட்டத்துறைத் தலைவர் அலுவலகம் பெற்றுக்கொள்கிறது. முதலில் அது பார்ப்பது, மறுக்க வேண்டிய காரணம் எதுவும் இருக்கிறதா என்பதை. எல்லாவற்றிலும் முக்கியமானது, கூறப்படும் செயல் இரு நாட்டிலும் குற்றமா என்ற கேள்வி. நம் வழக்கில் அது எளிது. மலேசியாவின் தண்டனைச் சட்டமும் சிங்கப்பூரின் தண்டனைச் சட்டமும் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்திலிருந்து கிளைத்தவை, மோசடிக்கு இரண்டிலும் அதே 420-ஆம் பிரிவு. ஆனால் பிரிவு எண் ஒத்துப்போக வேண்டும் என்ற அவசியம் இல்லை, பெயரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. செய்த செயல் அங்கே நடந்திருந்தால் குற்றமாகியிருக்குமா என்றுதான் பார்ப்பார்கள். ஒரு நாட்டில் மட்டும் குற்றமாகக் கருதப்படும் பேச்சுக்காகவோ எழுத்துக்காகவோ கேட்கப்படும் உதவி பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடுகிறது.

அரசியல் குற்றம், ஒருவரை அவருடைய இனம், மதம் அல்லது அரசியல் கருத்துக்காகத் துன்புறுத்தும் நோக்கம், ஏற்கெனவே விடுதலையான அதே குற்றச்சாட்டு, நாட்டின் பாதுகாப்புக்குக் கேடு ஆகியவையும் மறுப்புக்குக் காரணங்கள். மரண தண்டனை விதிக்கக்கூடிய வழக்கு என்றால் ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் அந்தத் தண்டனை நிறைவேற்றப்படாது என்ற உறுதியைக் கேட்கும். வங்கி ரகசியம் மட்டுமே காரணமாக உதவியை மறுக்கக் கூடாது என்று ஆசியான் ஒப்பந்தம் சொல்கிறது. ஆகவே முன்பு நம் அதிகாரியைத் திருப்பி அனுப்பிய அதே 47-ஆம் பிரிவு, முறையான வழியில் வந்த கோரிக்கையைத் தடுத்து நிறுத்தாது.

அடுத்து சிங்கப்பூர் அரசு வழக்கறிஞர் தன் நாட்டின் பரஸ்பர உதவிச் சட்டத்தின் கீழ், ஆவணங்களைத் தரும்படி வங்கிக்கு ஆணையிடுமாறு நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கிறார். நீதிபதி ஆணையிடுகிறார். வங்கி பதிவுகளைத் திரட்டி ஒப்படைக்கிறது. அவை சிங்கப்பூர் அலுவலகத்திலிருந்து புத்ராஜெயாவுக்கும், அங்கிருந்து வழக்கை நடத்தும் அரசுத் தரப்பு வழக்கறிஞருக்கும் வருகின்றன. வழக்கமான செலவைக் கேட்கப்பட்ட நாடே ஏற்றுக்கொள்கிறது. மொழிபெயர்ப்பு, நிபுணர் கட்டணம் போன்றவை கேட்டவர் தலையில் விழும்.

இத்தனைக்கும் எவ்வளவு காலம் ஆகும்? எல்லாம் சரியாக இருந்தால் சில மாதங்கள். கூடுதல் விவரம் கேட்டு ஒரு முறை கடிதம் திரும்பி வந்தாலே ஓராண்டைத் தாண்டிவிடலாம். இடையில் வழக்கு தள்ளிவைக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். "வெளிநாட்டிலிருந்து ஆவணம் வர வேண்டியுள்ளது" என்று அரசுத் தரப்பு சொல்வதைக் கேட்டு ஏமாந்தவர்கள் மனம் சலித்துப்போவதை நீதிமன்றத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். தாமதத்தின் காரணத்தை அவர்களிடம் யாராவது உட்கார்ந்து விளக்கினால் அந்தச் சலிப்பில் பாதி குறையும்.

வந்த ஆவணத்தை எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்திவிட முடியாது. கேட்ட வழக்குக்கு மட்டும்தான் அது உரியது. அந்தக் கணக்கு அறிக்கையில் கிள்ளான்காரரின் வேறொரு வணிக வரவு தென்பட்டு, அதை வைத்து வருமான வரி வழக்குப் போடலாம் என்று தோன்றினால், சிங்கப்பூரின் சம்மதத்தை மறுபடியும் பெற வேண்டும். கேட்காமல் பயன்படுத்தினால், அடுத்த முறை அந்தக் கதவைத் தட்டும்போது என்ன வரவேற்பு கிடைக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

நம் வழக்கில் இன்னொரு முனை இருக்கிறது. ஆசிரியையோடு பேசிய 'முதலீட்டு ஆலோசகர்' பயன்படுத்திய மின்னஞ்சல் கணக்கு ஓர் அமெரிக்க நிறுவனத்துடையது. வங்கிப் பதிவுகள் பல ஆண்டுகள் இருக்கும். மின்னஞ்சலை ஒருவர் ஒரே நொடியில் அழித்துவிடலாம், நுழைவுப் பதிவுகள் தாமாகவே காலாவதியாகும். எனவே இங்கே முதல் வேலை, இருப்பதை அழியாமல் வைத்திருக்கச் சொல்வது. அமெரிக்கச் சட்டத்தில் இதற்கு இடம் உண்டு. பதிவுகளைப் பாதுகாக்கும்படி அரசுத் தரப்பு கேட்டால் நிறுவனம் 90 நாள்களுக்கு வைத்திருக்க வேண்டும், மேலும் 90 நாள்களுக்கு அதை நீட்டிக்கலாம். பாதுகாத்து வைக்கச் சொன்னதாலேயே உள்ளடக்கம் நம் கைக்கு வந்துவிடாது. அதற்கு 2006-இல் மலேசியாவும் அமெரிக்காவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் வழியே கோரிக்கை போக வேண்டும். அங்குள்ள அரசு வழக்கறிஞர் தன் நாட்டு நீதிபதியிடம், குற்றத்தின் தடயம் அந்தக் குறிப்பிட்ட கணக்கில் இருக்கிறது என்று நம்பத் தகுந்த காரணத்தைக் காட்டி ஆணை பெற வேண்டும். சந்தேகமாக இருக்கிறது என்று மட்டும் எழுதினால் அந்த நீதிபதி ஒப்புக்கொள்ள மாட்டார். ஆசிரியைக்கு வந்த மின்னஞ்சல்களில் எது, எந்த நாளில், எந்தக் கணக்கு எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொன்னது என்பதை அப்படியே எடுத்துக் காட்ட வேண்டும்.

ஏமாந்தவர் முதல் நாளில் எடுத்துக் கொடுக்கும் காகிதங்கள்தான் பிற்காலத்தில் இரண்டு நாட்டு நீதிபதிகளின் மேசைக்குப் போகின்றன. அவமானத்தில் மின்னஞ்சல்களை அழித்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து அழிக்காதீர்கள். பணம் போனது தெரிந்தவுடன் தேசிய மோசடித் தடுப்பு மையத்தை 997 என்ற எண்ணில் அழைத்துச் சொல்லுங்கள். பணம் இன்னும் உள்நாட்டுக் கணக்கில் நின்றுகொண்டிருந்தால் அங்கேயே தடுக்க முயலலாம். அப்படித் தடுத்துவிட்டால் மேலே சொன்ன எந்தக் கடிதமும் தேவைப்படாது. பிறகு போலீஸ் புகார் கொடுங்கள். பரிமாற்ற ரசீது, பரிமாற்ற எண், நேரம், பெறுபவர் பெயர், உரையாடல்களின் முழு நகல் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். மின்னஞ்சலை அச்செடுத்தால் மட்டும் போதாது. மூல வடிவத்தை அப்படியே வைத்திருங்கள், அது எங்கிருந்து வந்தது என்ற தடம் அதில்தான் இருக்கிறது.

சில வாரங்கள் கழித்து விசாரணை அதிகாரியைப் பார்க்கும்போது கேட்க வேண்டியவை இரண்டு. மின்னஞ்சல் நிறுவனத்துக்குப் பதிவுகளைப் பாதுகாக்கச் சொல்லி எழுதியாயிற்றா, எந்த நாளில்? வெளிநாட்டு வங்கி ஆவணங்களுக்கான விவரங்கள் புத்ராஜெயாவுக்குப் போய்விட்டனவா, இன்னும் கோப்பில்தான் இருக்கின்றனவா? முதல் கேள்விக்கான பதிலில் வரும் தேதியிலிருந்து 90 நாள்களைக் கணக்கிட்டு, அதற்குள் நீட்டிப்புக் கேட்கும்படி நினைவூட்டுங்கள்.